பகலில் ஒத்திகை பார்த்தால் இரவில் மாறும் கனவு

தீ விபத்திலோ சாலை விபத்திலோ தப்பி வந்தவர்கள் "தூக்கமே வரல" என்று சொல்லித்தான் மனநல மருத்துவமனைக்கு வருவார்கள். கொஞ்சம் பேசினால் விஷயம் வேறு என்று தெரியும். தூக்கம் வருகிறது, தூங்கத்தான் பயம். கண்ணை மூடினால் அதே கனவு வரும் என்று தெரிந்தே பாதி ராத்திரி வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கனவுகளுக்கென்றே ஒரு சிகிச்சை இருக்கிறது. இமேஜரி ரிஹர்சல் தெரபி என்று பெயர். விழித்திருக்கும்போது கனவின் கதையை மாற்றி எழுதி, புதுக் கதையைத் தினமும் மனதில் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. கேட்டால் விளையாட்டுபோலத் தோன்றும். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களை வைத்து பாரி கிராகோவ் குழு அமெரிக்காவில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றே அமர்வுகளில் கெட்ட கனவுகள் நன்றாகக் குறைந்தன.

இதன் அடிப்படை எண்ணம் இதுதான்: கனவைத் தொடங்கிவைத்தது அந்தச் சம்பவம். பிறகு மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து, அதுவே மூளைக்குப் பழக்கமாகிவிடுகிறது. பழக்கம் என்றால் அதை மாற்றவும் பயிற்சி தரலாம்.

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பட்டாசு ஆலையில் வேலை பார்த்த முப்பதுகளில் இருக்கும் பெண். வெடிவிபத்தில் பக்கத்தில் இருந்த தோழி இறந்துவிட்டார். கனவில் வெடிமருந்து வாசம் வரும், கதவைத் தள்ளுவார், திறக்காது, உள்ளேயிருந்து தோழி "அக்கா" என்று கூப்பிடுவார். அலறி எழுந்தால் விடியற்காலை மூன்று மணி. வாரத்தில் நான்கு இரவு இப்படி.

எடுத்தவுடன் இந்தக் கனவைத் தொடவில்லை. முதலில், கண்ணை மூடி இதமான ஒரு காட்சியைச் சில நிமிடம் பிடித்து வைக்கப் பழகினார். அவர் எடுத்துக்கொண்டது தன் அம்மா வீட்டுத் திண்ணை. பிறகு அவருக்கு வரும் இன்னொரு கனவை, அதாவது பஸ்ஸைத் தவறவிட்டுத் தனியாக நிற்கும் கனவை, மாற்றி எழுதினார். பாரம் குறைந்ததில் கை பழகிய பிறகுதான் பெரியதற்குப் போக வேண்டும்.

எப்படி மாற்றுவது என்பதை நாங்கள் சொல்லித் தருவதில்லை. "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி மாற்றுங்கள்" என்பதோடு சரி. தோழி பிழைத்து வருவதாக எழுதலாமே என்று அவருடைய தங்கை யோசனை சொன்னார். "அது பொய்ங்க மேடம், எழுதினா அவளுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு" என்று இவர் மறுத்துவிட்டார். கடைசியில் அவர் மாற்றியது கதவை மட்டும். இரும்புக் கதவுக்குப் பதிலாக ஒரு பழைய சேலைத் திரை. விலக்கினால் வெளியே மழை. அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அரைகுறையாகத் தெரியலாம், ஆனால் அவர் மனம் ஏற்றுக்கொண்டது அதைத்தான். அந்த ஏற்பு இல்லாத கதையை ஒத்திகை பார்த்துப் பயனில்லை.

எழுதிய பிறகு, பகலில் பத்திலிருந்து இருபது நிமிடம் புதுக் கனவை மட்டும் மனதில் ஓட்ட வேண்டும். மழையின் சத்தம், ஈரச் சேலையின் தொடுகை எல்லாம் சேர்த்து. பழைய கனவை நினைத்துவிட்டுப் புதியதற்கு வரக் கூடாது. அது தானாக உள்ளே புகுந்தால் நிறுத்திவிட்டுத் திண்ணைக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு முறையும் புகுந்தால், வீட்டில் தனியாகச் செய்வதை விட்டுவிட்டு ஆலோசகரிடம் திரும்ப வேண்டும்.

எழுதிய கனவே அப்படியே வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இவருக்கும் சேலைத் திரை கனவில் வரவேயில்லை. கதவு பாதி திறந்திருந்தது, அப்புறம் வாசம் மட்டும் வந்தது, அப்புறம் வாரத்தில் ஒரு இரவாகக் குறைந்தது. அதனால் கனவின் கதையைவிட, வாரத்தில் எத்தனை இரவு வந்தது, எழுந்தபோது பயம் பத்துக்கு எவ்வளவு என்று குறித்து வருவதே சரியான அளவுகோல்.

எல்லாருக்கும் இது பலிக்காது. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்க முன்னாள் வீரர்களிடம் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், தூக்கம் பற்றிய சாதாரண வகுப்பைவிட இது மேலாக இல்லை. தொடங்கும் முன்பே வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். சத்தமான குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் அதற்குத் தூக்கப் பரிசோதனை தேவை. புரோப்ரனலால் போன்ற சில மாத்திரைகளும், குடியைத் திடீரென நிறுத்துவதும் கெட்ட கனவுகளைக் கிளப்பும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். நடுவயதுக்கு மேல் தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை காலை வீசி அடிப்பவர் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருபவர்கள் ஒத்திகையைத் தள்ளிவைத்து முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரவு நேரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.