கனமூலம் நம்பலாம், வர்க்கத்தைக் கவனிக்க வேணும்

−3 < 2. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டு பக்கத்தையும் வர்க்கித்தால் 9 உம் 4 உம் வருகின்றன. சிறியது பெரியதாகிவிட்டது. அதே −3, 2 ஐக் கனித்துப் பாருங்கள்: −27 < 8. குறி அசையவில்லை. யாழ்ப்பாணத்தில் இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் "வர்க்கிக்க முன் இரண்டு பக்கமும் மறையில்லையா என்று பார்" என்பதைக் கேட்டிருப்பார்கள். ஏன் பார்க்க வேண்டும், கனமூலத்துக்கு ஏன் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் எனக்குச் சொல்ல ஆசை.

காங்கேசன்துறை வீதியை ஓர் எண்கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். சுன்னாகம் பூச்சியம், வடக்கே நேர், தெற்கே மறை. தெல்லிப்பழை நேர்ப் பக்கம், யாழ்ப்பாண நகரம் மறைப் பக்கம். ஆகவே நகரத்தின் எண்தான் சிறியது. ஆனால் சுன்னாகத்திலிருந்து நகரம்தான் கூடத் தூரம். வர்க்கித்தவுடன் வடக்கா தெற்கா என்ற தகவல் போய்விடும், தூரம் மட்டும் மிஞ்சும். எனவே வர்க்கங்களின் ஒழுங்கு தூரங்களின் ஒழுங்கே தவிர, எண்களின் ஒழுங்கு அல்ல. இரண்டு எண்ணும் பூச்சியத்திலோ அதற்கு வடக்கிலோ இருந்தால் தூரமும் எண்ணும் ஒன்றுதான், அப்போது பிரச்சினையே இல்லை.

இதைக் காரணிப்படுத்தினால் இன்னும் தெளிவாகத் தெரியும். a < b என்று கொள்வோம்.

b² − a² = (b − a)(b + a)

முதற் காரணி நேர். மீதி முழுவதும் b + a யின் கையில் இருக்கிறது. −3, 2 இல் அது −1, அதனால்தான் குறி புரண்டது. −3 உக்குப் பதில் −1 ஐ எடுத்தால் கூட்டுத்தொகை 1. அப்போது −1 < 2, 1 < 4, குறி தப்பிவிடுகிறது. இந்த அதிர்ஷ்டம்தான் ஆபத்து. ஓர் உதாரணத்தில் சரிவந்ததைப் பார்த்துவிட்டு விதி என்று நம்பிவிடுவோம்.

இனிக் கனம்:

b³ − a³ = (b − a)(b² + ab + a²)

இரண்டாவது காரணியில் ab மறையாகலாமே என்று பயம் வரும். அதை (a + b/2)² + 3b²/4 என்று எழுதிப் பாருங்கள். இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை, மறையாகவே முடியாது. a உம் b உம் இரண்டுமே பூச்சியமானால்தான் அது பூச்சியம். a < b என்றால் அதற்கும் இடமில்லை. ஆக, a < b ஆனால் எப்போதும் a³ < b³.

கனமூலத்துக்கு இதிலிருந்தே போய்விடலாம். a < b ஆக இருக்க, ∛a ≥ ∛b என்று யாராவது சொன்னால், இரண்டு பக்கத்தையும் கனித்து a ≥ b என்று காட்டிவிடலாம். அது முரண். எனவே ∛a < ∛b தான். −27 < −8 இலிருந்து −3 < −2 வருவது இதனால்தான்.

சரி, கணக்கில் இது எங்கே கடிக்கிறது? √(x + 5) > x − 1 ஐத் தீர்க்க வேண்டும். யோசிக்காமல் வர்க்கித்தால் x + 5 > x² − 2x + 1, அதாவது x² − 3x − 4 < 0, விடை −1 < x < 4. இப்போது x = −4 ஐ மூலச் சமனிலியில் போடுங்கள்: இடப்பக்கம் 1, வலப்பக்கம் −5. உண்மைதானே! ஆனால் நம் விடையில் −4 இல்லை. வர்க்கித்தபோது 1 > 25 என்ற பொய்யாகிக் கழிந்துபோய்விட்டது.

ஒழுங்காகச் செய்தால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மூலத்துக்குள் மறை வரக்கூடாது, ஆகவே x ≥ −5. x < 1 ஆனால் வலப்பக்கம் மறை, இடப்பக்கம் மறையில்லை. எனவே வர்க்கிக்காமலே −5 ≤ x < 1 முழுவதும் தீர்வு. x ≥ 1 ஆனால் இரண்டு பக்கமும் மறையில்லை, தாராளமாக வர்க்கிக்கலாம், 1 ≤ x < 4 கிடைக்கும். சேர்த்தால் −5 ≤ x < 4. குறியைத் திருப்பி √(x + 5) < x − 1 என்று கேட்டால் பிழையும் திரும்பிவிடும்: தீர்வு தொலையாது, x < −1 என்ற போலித் தீர்வு உள்ளே வந்து நிற்கும். உண்மையான விடை x > 4 மட்டுமே. எனவே வர்க்கித்துப் பெற்ற விடையைச் சோதிக்கும்போது விடைக்குள் இருக்கிற எண் ஒன்றையும் வெளியே இருக்கிற எண் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பதை மட்டும் பார்த்தால் தொலைந்தது தெரியாது.

கனமூலத்தில் ஒரு கணக்கு: ∛(x³ + 3x² + 1) > x + 1. பிரிக்க வேண்டாம், மூலத்துக்குள் என்ன குறி என்றும் பார்க்க வேண்டாம். நேரே கனித்தால் x³ + 3x² + 1 > x³ + 3x² + 3x + 1, அதாவது x < 0. x = −5 இல் இரண்டு பக்கமும் மறை: இடம் ∛(−49), ஏறக்குறைய −3.66. வலம் −4. குறி சரியாகவே நிற்கிறது.