வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றினால் பணம் மிஞ்சுமா?

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் விதி. அடைக்கும் பணத்தை இன்னொரு வங்கி கொடுத்தாலும் இதே விதிதான். கிளையில் யாராவது 'இரண்டு சதவீதம் சார்ஜ் ஆகும்' என்றால், எந்த விதிப்படி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அநேகமாகப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அபராதம் இல்லை என்பதால் மாற்றம் இலவசம் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரிய செலவு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. முதல் கடனுக்குப் பத்திரத்தை அடமானம் வைத்தபோது எம்.ஓ.டி. என்ற அடமான ஆவணத்தைப் பதிவு செய்தீர்கள் அல்லவா, புதிய வங்கிக்காக அதை மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம், உச்சவரம்பு 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 6,000 ரூபாய். பழைய எம்.ஓ.டி.க்குக் கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது. 'பிராசஸிங் ஃபீஸ் தள்ளுபடி' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாக்கி 30 லட்சம், இன்னும் 15 ஆண்டு இருக்கிறது, இப்போதைய வட்டி 9.25 சதவீதம். மாதத் தவணை 30,876 ரூபாய். புதிய வங்கி 8.25 சதவீதத்துக்குத் தருகிறது. எம்.ஓ.டி.க்கு 21,000. பிராசஸிங் கட்டணம் 10,000 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 11,800. வக்கீல் கருத்துக்கும் வீட்டு மதிப்பீட்டுக்கும் சேர்த்து ஒரு 6,000. பழைய அடமானத்தை ரத்து செய்யும் ரசீதுப் பதிவு, பத்திர எழுத்தர், நகல் எல்லாம் சேர்ந்து 1,500. இன்னொரு செலவைப் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். புதிய வங்கி காசோலை எழுதிய நாளிலிருந்து வட்டி போட ஆரம்பிக்கும். அது பழைய வங்கியில் வரவாகும் வரை பழைய வட்டியும் ஓடும். ஒரு வாரம் இழுத்தால் 4,700 ரூபாய்க்கு மேல். ஆக மொத்தம் 45,000 ரூபாய்.

லாபத்தை மதிப்பிட எளிய வழி, பாக்கித் தொகையை வட்டி வித்தியாசத்தால் பெருக்கி 12-ஆல் வகுப்பது. 30 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் ஆரம்பத்தில் மாதம் 2,500 ரூபாய் வட்டி மிச்சம். போட்ட 45,000 திரும்ப ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும், அதற்குப் பிறகுதான் லாபம். இரண்டு மூன்று ஆண்டுகளில் வீட்டை விற்கவோ கடனை மொத்தமாக அடைக்கவோ எண்ணம் இருந்தால் இந்த அலைச்சல் வேண்டாம். பாக்கி ஆறு லட்சம், மீதி ஐந்தே ஆண்டு என்றாலும் வேண்டாம். அதே ஒரு சதவீத வித்தியாசத்தில் ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 17,400 ரூபாய்தான்; எம்.ஓ.டி.க்கே 9,000 போய்விடும், வக்கீலும் பிராசஸிங்கும் சேர்ந்தால் கைப்பணம்தான் நஷ்டம்.

குடும்பங்களை அதிகம் கெடுப்பது தவணைக் காலம். 15 ஆண்டு பாக்கியை எடுத்துக்கொண்டு, 'உங்களுக்குச் சுமை குறையட்டும்' என்று 20 ஆண்டு போட்டுக் கொடுப்பார்கள். தவணை 25,562 ஆக இறங்கும். மாதம் ஐந்தாயிரத்துக்கு மேல் குறைந்ததே என்று கையெழுத்துப் போட்டால், கடைசியில் மாறாமலே இருந்திருந்தால் கட்டியிருப்பதைவிட சுமார் 5.77 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள், அதுவும் குறைந்த வட்டியில். மீதி இருக்கும் காலத்தையே கேளுங்கள். முடிந்தால் பழைய தவணையான 30,876-ஐயே தொடர்ந்து கட்டுங்கள். கடன் 161 மாதத்தில் முடியும். செலவு போக ஐந்து லட்சத்துக்கு மேல் மிச்சம்.

இத்தனைக்கும் முன்னால் பழைய வங்கியிடமே வட்டியைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஒரு மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பார்கள். பாக்கியில் அரை சதவீதம் என்றாலும் ஜிஎஸ்டியோடு 17,700 தான், எம்.ஓ.டி. இல்லை, வக்கீல் இல்லை. அவர்கள் முக்கால் சதவீதம் குறைத்தாலே பெரும்பாலும் அங்கேயே இருப்பது நல்லது. முக்கியமாக, 2019 அக்டோபருக்கு முன் வங்கியில் வாங்கிய கடன் வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே போடும் பழைய எம்.சி.எல்.ஆர். கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றக் கேளுங்கள். வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு ரெப்போ போன்ற வெளி விகிதத்தோடு வட்டியை இணைக்கும் கட்டாயம் இல்லை, அவர்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 6.50-லிருந்து 5.50-க்கு இறங்கியது. உங்கள் வட்டி அதே அளவு இறங்கியதா என்று கணக்கு அறிக்கையில் பாருங்கள். புதிய இடத்திலும் வட்டி எதோடு இணைக்கப்படுகிறது, அதன்மேல் எத்தனை சதவீதம் கூட்டுகிறார்கள் என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

தகுதியில் சறுக்கும் இடங்கள் உண்டு. கடந்த 12 மாதத்தில் ஒரு தவணை திரும்பியிருந்தாலே பல வங்கிகள் தயங்கும். அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடியோ கூடுதல் அறையோ கட்டியிருந்தால், பழைய வங்கி கண்டுகொள்ளாததைப் புதிய மதிப்பீட்டாளர் எழுதிவைப்பார். தாய்ப்பத்திரத் தொடர்ச்சி விட்டுப்போயிருந்தாலும் அங்கேயே நிற்கும். எனவே வரைபடம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் முதலில் நீங்களே ஒத்துப் பாருங்கள்; பிராசஸிங் பணம் கட்டிய பிறகு கடன் மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைப்பது கடினம்.

அலைக்கழிப்பு தொடங்குவது பழைய வங்கியில். கடனை மொத்தமாக அடைக்க எவ்வளவு என்று சொல்லும் ஃபோர்குளோஷர் கடிதமும் ஆவணப் பட்டியலும் கேட்டால், 'ஹெட் ஆபீஸிலிருந்து வரணும்' என்பார்கள், கூட்டுக் கடனாளி நேரில் வரணும் என்பார்கள், வட்டியைக் குறைக்கிறோம் என்று தினமும் போன் வரும். கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பி, கிளையிலும் நகலில் முத்திரை வாங்குங்கள். கடன் மாற்றக் கோரிக்கைக்குச் சம்மதமோ ஆட்சேபமோ 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். 30 நாளில் புகாருக்குப் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியிடம். ஃபோர்குளோஷர் கடிதத்தில் அடைக்கும் தேதியும் ஒரு நாள் வட்டியும் இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் மறுபடி வரிசை. புதிய வங்கியின் இறுதி அனுமதி கையில் வந்த பிறகே, அதுவும் ஒரு தவணை போன மறுநாள், அதற்கு விண்ணப்பியுங்கள். இடையில் தவணையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

கடன் அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைக் கொடுத்து அடமானப் பதிவை நீக்க வேண்டும். தாமதம் வங்கியால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரங்கள் புதிய வங்கிக்கு நேராகப் போனாலும், ஆவணப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துக் கையொப்பமிட்ட நகலை வாங்குங்கள். பழைய வங்கிக்கான தானியங்கிப் பற்று உத்தரவை நீங்களே ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் முடிந்த கடனுக்கும் அடுத்த மாதம் தவணை போய்விடும். ரசீது பதிவானதும் வில்லங்கச் சான்று எடுத்து, பழைய எம்.ஓ.டி. ரத்தானதும் புதியது ஏறியிருப்பதும் அதில் தெரிகிறதா என்று பாருங்கள்.