வாட்ஸ்அப் உரையாடலை அழிக்கும் முன், அதிலுள்ள படத்துக்கு இன்னொரு நகல் இருக்கிறதா என்று பாருங்கள்

கைபேசிப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் என்னிடம், திரை உடைந்து வருபவர்களுக்கு அடுத்தபடியாக வருபவர்கள் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வருபவர்களே. அவர்களிலும் சிலர் இடத்தைத் தாங்களே காலிசெய்துவிட்டு, போன படங்களை மீட்டுத் தர முடியுமா என்று கேட்டு வருவார்கள். அண்மையில் வந்த ஓர் அம்மா, தம் குடும்பக் குழுவின் உரையாடலை Clear chat கொடுத்து அழித்திருந்தார். அப்போது திரையில் வந்த பெட்டியில், இந்த உரையாடலில் வந்த ஊடகத்தைக் கேலரியிலிருந்தும் நீக்கவா என்று கேட்ட கட்டத்தில் டிக் இருந்ததை அவர் கவனித்தும் விட்டுவிட்டார். “படமெல்லாம் கேலரியில் தனியாகத்தானே இருக்கிறது, சேட்டில் உள்ளதுதான் போகும் என்று நினைத்தேன் தம்பி” என்றார்.

அவர் நினைத்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வழியே வரும் படம் ஒரே ஒரு கோப்பாக, கீழ்க்காணும் கோப்புறையின் உட்பிரிவு ஒன்றில் இறங்குகிறது.

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

கேலரியில் தெரிவதும் அந்தக் கோப்புதான், உரையாடலில் தெரிவதும் அதுதான். ஒரே அறைக்கு இரண்டு சன்னல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, டிக்கை வைத்தபடி உரையாடலை அழித்தால் கேலரியிலிருந்தும் படம் மறைந்துவிடும். அப்படி நீங்கும் படம் கேலரியின் குப்பைத்தொட்டிக்கும் வருவதில்லை. இன்றைய கைபேசிகளின் சேமிப்பகம் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அழிந்த கோப்பை மென்பொருள் கொண்டு தோண்டி எடுக்கும் பேச்சுக்கும் பெரும்பாலும் இடமில்லை.

டிக்கை எடுத்துவிட்டு அழித்தால் இதற்கு நேர்மாறான தொல்லை ஒன்று வரும். செய்திகள் மட்டும் போய், கோப்புகள் கோப்புறையிலேயே தங்கிவிடும். உரையாடலோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டதால், வாட்ஸ்அப்பின் Manage storage பக்கத்திலும் அவை வரா. “எல்லாச் சேட்டையும் அழித்துவிட்டேன், இடம் மட்டும் கூடவே இல்லை” என்று சொல்லி வருபவர்களின் கைபேசியில் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த Media கோப்புறையைத்தான்.

படங்களையாவது கேலரியில் பார்த்து இழப்பை உணரலாம். ஆவணங்கள் நிலை அதைவிட மோசம். WhatsApp Documents என்ற உட்பிரிவில் இறங்கும் பிடிஎஃப் கோப்புகளைக் கேலரி காட்டாது. டிக் கட்டத்தின் வாசகம் கேலரியைப் பற்றி மட்டும் பேசுகிறதே என்று நம்பி, ஆவணங்கள் தப்பிக்கும் என எண்ணி இறங்க வேண்டாம். நட்சத்திரக் குறியிட்ட செய்திகளை Clear chat விட்டுவைக்கும் என்பது உண்மை. அதற்கான கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் நட்சத்திரம் இட்டதால் அந்தக் கோப்புக்கு இரண்டாவது நகல் உண்டாவதில்லை.

எனவே, நகலெடுப்பது முதலில், நகல் திறக்கிறதா என்று பார்ப்பது அடுத்து, அழிப்பது கடைசியில் என்ற வரிசையை நான் மாற்றுவதே இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 64 ஜிபி கைபேசியில் இதைச் செய்த விதத்தைச் சொல்கிறேன். அவருடைய கைபேசியில் வாட்ஸ்அப் மட்டும் 23 ஜிபி பிடித்திருந்தது. Settings, Storage and data, Manage storage என்று போனால், எந்த உரையாடல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பது பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக வரும். முதல் இரண்டு குழுக்களே 15 ஜிபி. மூன்றாவதாக அவருடைய மகளுடனான உரையாடல் இருந்தது. அதில்தான் வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேனும், மருத்துவ அறிக்கைகளும், பேரனின் படங்களும் இருந்தன.

மகளின் உரையாடலில் பெயரைத் தொட்டு Media, links, and docs பக்கத்துக்குப் போய், Docs பிரிவைத் திறந்து, வேண்டியவை எவை என்று அவரையே சொல்லச் சொன்னேன். அவர் காட்டிய 31 கோப்புகளையும் கோப்பு மேலாளர் செயலி மூலம் WhatsApp Documents பிரிவில் தேடி, உள் சேமிப்பகத்தின் Documents கோப்புறைக்குள் புதிதாக ஒன்றை உருவாக்கி அதற்கு நகலெடுத்தேன். இங்கே Move கொடுக்கக் கூடாது. Copy தான் கொடுக்க வேண்டும். இடம் மாற்றிவிட்டால், உரையாடலில் அதே ஆவணத்தைத் தொடும்போது கோப்பு இல்லை என்ற செய்திதான் வரும். பெயருக்குப் பதில் DOC என்று தொடங்கும் எண் வரிசையோடு கிடந்த சில கோப்புகளுக்கு, அவை இன்னவை என்று தெரியும்படி நகலில் பெயரிட்டோம். படங்களுக்கு மட்டும் பெயரை மாற்ற விடவில்லை. IMG-20230614-WA0012.jpg என்ற பெயரில் நடுவில் உள்ள எட்டு எண்கள் 2023 ஜூன் 14 என்ற தேதி. படமாக அனுப்பப்படும்போது, எடுத்த நாள் முதலிய உட்குறிப்புகளை வாட்ஸ்அப் நீக்கிவிடுவதால், பிற்காலத்தில் காலத்தைச் சொல்ல எஞ்சியிருப்பது அந்தப் பெயர் மட்டுமே.

நகல்களைக் கணினியிலும் ஒருமுறை ஏற்றி, பத்திரத்தின் கடைசிப் பக்கம் வரை திறந்து பார்த்த பின்னரே அழிப்புக்கு வந்தோம். Manage storage பக்கத்தில் 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை பகிரப்பட்டவை என்று இரண்டு தொகுப்புகள் இருக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் காலை வணக்கங்களே கிடக்கும். அதைப் பற்றி யாரும் வருந்திப் பார்த்ததில்லை. முதலாவதில் மட்டும் அனைத்தையும் தேர்ந்தெடு என்று ஒரே தொடுதலில் முடித்துவிடாதீர்கள். பல பக்கங்கள் ஸ்கேன் செய்த பிடிஎஃப் எளிதில் 5 எம்பியைத் தாண்டும். ஆசிரியரின் பத்திரமும் அங்கேதான், இரண்டு திருமண வீடியோக்களுக்கு நடுவே இருந்தது. ஒரே வீடியோ இரண்டு மூன்று குழுக்களில் வந்திருந்தால், எல்லா இடத்திலும் நீக்கினால்தான் இடம் விடுபடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அதன்பின் Sent என்ற உட்பிரிவுகளைப் பார்த்தேன். நீங்கள் கேலரியிலிருந்து ஒரு படத்தை அனுப்பும்போது, சுருக்கப்பட்ட படி ஒன்று இங்கே சேரும்; மூலப் படம் Camera கோப்புறையில் இருக்குமானால் இதை அழிப்பதில் இழப்பில்லை. வாட்ஸ்அப்புக்குள்ளேயே கேமராவைத் திறந்து எடுத்து அனுப்பிய படத்துக்கு அப்படி ஒரு மூலம் இருக்காது என்பதால், இந்தப் பிரிவையும் கண்ணால் பார்த்தே அழிக்க வேண்டும். வேலை முடிந்தபோது 23 ஜிபி 8 ஜிபியாக இருந்தது.

கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறதே என்று சிலர் துணிந்துவிடுவார்கள். அந்த பேக்கப் ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. இன்று அழித்தது நாளைய பேக்கப்பில் இருக்காது. செயலியையே நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுவது அதைவிட ஆபத்து, ஏனெனில் மேலே காட்டிய கோப்புறையும் செயலியோடு சேர்ந்து நீங்கக்கூடியது. ஐபோனில் Photos செயலியில் சேமித்த படம் தனிப் படியாக இருப்பதால் இந்தக் கவலை குறைவு; ஆவணங்களை மட்டும் Files செயலியில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மாவின் கைபேசியில் என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆனால் குழுவில் இருந்த அவருடைய தங்கை எதையும் அழிக்காதவர். உரையாடலில் மேலே ஏறிப் போய், அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அவர் திருப்பி அனுப்பியதில் 43 படங்கள் கிடைத்தன. வந்த கையோடு அவற்றை நகலெடுத்துக்கொண்டுதான் அம்மா கடையை விட்டுக் கிளம்பினார்.