தொட்டியில் எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை நிமிடம்?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார், குழாய் வேலை செய்துவருகிறேன். ஆழ்குழாய் மோட்டாரை வெளியே தூக்கி, உள்ளே எரிந்துபோன கம்பிச்சுருளான காயிலைப் புதிதாகக் கட்டக் கொடுக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: “மேல்தொட்டி எத்தனை லிட்டர்?” பதில் உடனே வரும். அது சரியாக இருந்த வீடுகள் மிகக் குறைவு.

சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒரு வீட்டுக்குப் போனேன். வயதான அம்மாவும் மகனும் இருந்தார்கள். ஒரே ஆண்டில் இரண்டாவது முறையாகக் காயில் எரிந்திருந்தது. “போன தடவையே புதுக்காயில் கட்டினோமே கண்ணு, கம்பியே மட்டமோ?” என்று அந்த அம்மா வருத்தத்தோடு கேட்டார். கம்பியில் குறை இல்லை. மகன் போட்டிருந்த கணக்கில்தான் குறை இருந்தது. தொட்டி 4,000 லிட்டர் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். மாடியில் குழாய் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்தபோது அரை நிமிடத்தில் நிரம்பியிருக்கிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 40 லிட்டர். நாலாயிரத்தை நாற்பதால் வகுத்து, டைமரை 100 நிமிடத்துக்கு வைத்துவிட்டார். வகுத்தது சரிதான். ஆனால் வகுத்த இரண்டு எண்களும் தவறு.

முதலில் தொட்டி. செங்கல்லில் கட்டிய தொட்டி அது. வெளியே அளந்தால் 7 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரம். பெருக்கினால் 140 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பதால் கிட்டத்தட்ட 3,960 லிட்டர் வருகிறது. கொத்தனாரின் நாலாயிரம் இப்படி வந்ததுதான். தண்ணீர் நிற்பதோ சுவருக்கு உள்ளே. நாலரை அங்குலச் செங்கல்லோடு இரண்டு பக்கப் பூச்சையும் சேர்த்தால் சுவர் 6 அங்குலம். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் சேர்ந்து ஓர் அடியைத் தின்றுவிடுகின்றன. எனவே உள்ளே 6 அடி நீளம், 4 அடி அகலம். உயரத்தில் அடித்தளமும் மேல்மூடியும் 9 அங்குலம் எடுத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் உயரமும் முழுதாக நிரம்பாது. வழிந்தோடும் குழாயின் அடிவிளிம்பு வரைதான் தண்ணீர் ஏறும். தரையிலிருந்து அதுவரை சரியாக 3 அடி. ஆறு, நான்கு, மூன்று பெருக்கினால் 72 கன அடி, அதாவது ஏறத்தாழ 2,040 லிட்டர். அதிலும் வீட்டுக்குள் இறங்கும் குழாய் தரையிலிருந்து 3 அங்குலம் மேலே இருந்தது. அதற்குக் கீழே நிற்கும் 170 லிட்டர் புழக்கத்துக்கு வராது. நாலாயிரம் என்று நம்பிய தொட்டியில் பயன்படுவது 1,870 லிட்டர்.

உருளை வடிவப் பிளாஸ்டிக் தொட்டியில் இந்தத் தொல்லை குறைவு; கொள்ளளவு மேலேயே அச்சாகியிருக்கும். அழிந்துபோயிருந்தால் அடியில் அளந்த விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785 ஆலும், பிறகு தண்ணீர் நிற்கும் உயரத்தாலும் பெருக்கினால் கன அடி வரும்; அதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர்.

கட்டிய தொட்டிக்கு நான் எல்லாரிடமும் சொல்லும் வழி, ஓர் அங்குலத் தண்ணீருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டு வைத்துக்கொள்வது. இந்தத் தொட்டியின் தரை 24 சதுர அடி. ஓர் அங்குலம் தண்ணீர் ஏறினால் 2 கன அடி, அதாவது 57 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குழாயில் அங்குலக் கோடு போட்டு, அந்தக் குறிக்கோலை ஆள் இறங்கும் வாய் வழியாக நேராக விட்டால் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எந்த வேகத்தில் ஏறுகிறது என்ற இரண்டுமே தெரிந்துவிடும். தொட்டிக்குள் இறங்க வேண்டிய தேவையே இல்லை.

இனி வேகம். வாளிச் சோதனை நல்ல சோதனைதான். அதைத் தரைக்குழாயில் செய்யாமல் மாடியில் செய்ததும் சரி. பெயின்ட் வாளியை விளிம்பு வரை நிரப்பினால் 20 லிட்டருக்கு மேல் பிடிக்கும் என்பதால், ஒரு லிட்டர் பாட்டிலால் இருபது முறை ஊற்றிக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதையும் மகன் செய்திருந்தார். அவர் பிடித்தது மோட்டார் ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில். தவறு அங்கேதான்.

எங்கள் பகுதி கெட்டியான பாறை. ஆழ்குழாயில் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக மெதுவாகத்தான் ஊறும். இரவெல்லாம் ஊறியது குழிக்குள் நின்றிருக்கும். ஆறரை அங்குலக் குழியில் ஓர் அடி உயரத்துக்கு 6.5 லிட்டர் நிற்கும். மோட்டார் முதலில் எடுப்பது இந்தச் சேமிப்பை. அது தீர்ந்த பிறகு, ஊறும் அளவுக்குத்தான் மேலே வரும்.

புதுக்காயில் கட்டிய மோட்டாரை இறக்கிய மறுநாள் காலையில், குறிக்கோலைத் தொட்டியில் விட்டுக்கொண்டு நானும் அந்த மகனும் மாடியில் உட்கார்ந்தோம். முதல் பத்து நிமிடத்தில் 7 அங்குலம் ஏறியது. இரண்டாவது பத்து நிமிடத்திலும் ஏழு. அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டர். அவருடைய வாளிக் கணக்கேதான். இருபது நிமிடம் தாண்டியதும் குழாய் திக்கித் திக்கிக் காற்றும் தண்ணீருமாகத் துப்பத் தொடங்கியது. அடுத்த பத்து நிமிடத்தில் 3 அங்குலம் மட்டுமே ஏறியது; நிமிடத்துக்கு 17 லிட்டர். உடனே மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். அந்த ஆழ்குழாயின் உண்மையான ஊற்று அவ்வளவுதான். நிமிடத்துக்கு 40 எடுத்து 17 ஊறினால், குழியில் 23 லிட்டர் குறைகிறது. இருபது நிமிடத்தில் 460 லிட்டர், உயரத்தில் எழுபது அடி. தண்ணீர் மட்டம் மோட்டார் உறிஞ்சும் வாய்க்கு வந்துவிட்டது.

ஆழ்குழாய் மோட்டாரைக் குளிர்விப்பது அதை உரசிக்கொண்டு போகும் தண்ணீர்தான். பம்பின் தாங்கிகளுக்கு மசகும் அதே தண்ணீர்தான். டைமர் 100 நிமிடம் என்றால், அதில் 80 நிமிடம் மோட்டார் இரண்டும் போதாமல் ஓடியிருக்கிறது. தினமும் அப்படி ஓடினால் எந்தக் காயில் தாங்கும்? குழாய் வாயில் காற்று கலந்து வருவதும், மின்சாரப் பலகையில் ஆம்பியர் முள் நிலையில்லாமல் இறங்கி ஆடுவதும் இதன் அடையாளங்கள். முதல் முறை எரிந்தபோதே யாராவது மாடியில் அரை மணி நேரம் நின்று பார்த்திருந்தால் இரண்டாம் செலவு வந்திருக்காது என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

டைமரை 18 நிமிடத்துக்கு மாற்றினோம். ஒரு முறைக்கு 720 லிட்டர் ஏறும். குழியில் குறைந்த 414 லிட்டர் திரும்ப ஊற, கணக்குப்படி 25 நிமிடம் போதும். ஆனால் மட்டம் உயர உயர ஊற்றின் வேகம் தணியும் என்பதால் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டோம். காலையில் மூன்று முறை ஓடினால் வெறும் தொட்டியும் நிரம்பிவிடும். நிரம்பியதும் மிதவை ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். வாளிக் கணக்குப்படி 47 நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு, இடைவெளிகளோடு சேர்த்து மூன்று மணி நேரம் ஆகிறது.

இந்த எண் ஆண்டு முழுவதும் நிற்காது. சித்திரையில் அந்த வீட்டில் மறுபடி குறிக்கோல் விட்டுப் பார்த்தோம். பதினைந்தாவது நிமிடத்திலேயே காற்று வந்தது. அதன் பிறகு பத்து நிமிடத்துக்கு 2 அங்குலம்தான் ஏறியது. டைமரை 12 நிமிடத்துக்குக் குறைத்து, இடைவெளியை இரண்டு மணி நேரமாக்கி, நாளுக்கு நான்கு முறை ஓடும்படி வைத்தோம். “ஐப்பசி மழை பெய்ததும் மறுபடியும் அளக்க வா கண்ணு” என்று அந்த அம்மா குறிக்கோலைத் துடைத்து மாடிப்படி மூலையில் சாய்த்து வைத்தார்.