சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேளாண்மை படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: “எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு வருஷா வருஷம் சண்டை. ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் சுதந்திரத்துக்கு இவ்வளவு மார்க், சமத்துவத்துக்கு இவ்வளவு மார்க் என்று போட்டுக் கூட்டினால் எது சிறந்தது என்று தெரிந்துவிடாதா?”

கூட்டித் தொகை எழுதிவிடலாம். ஆனால் சில இடங்களில் அந்தத் தொகைக்கு அர்த்தமே இருக்காது. அதைக் காட்ட ஓர் அழகான நிரூபணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டெல்டாக்காரர்களுக்குப் பின்னணியை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கும், கல்லணையில் ஆறு பிரியும், தலைமடையில் நடவு முடிகிற நேரத்தில் கடைமடைக்காரர் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே இரண்டு ஏற்பாடுகள் சாத்தியம். முதலாவதில் அவரவர் மடையை அவரவர் விருப்பப்படி திறக்கலாம். குறுவை போடுவதா, சம்பாவுக்குக் காத்திருப்பதா, என்றைக்கு நாற்று விடுவது என்பதெல்லாம் அவரவர் முடிவு. கடைமடைக்கும் தண்ணீர் வரும், ஆனால் தாமதமாக, குறைவாக. இதைத் திறந்த மடை என்போம். இரண்டாவது முறைப்பாசனம். நிலத்தின் அளவுப்படி நேரம் ஒதுக்குவார்கள். கடைமடைக்கும் நியாயமான பங்கு கிடைக்கும். ஆனால் எல்லோரும் ஒரே பட்டத்தில், ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும். தன் வயலில் தான் நினைத்ததைச் செய்யும் உரிமை யாருக்கும் இருக்காது.

மாணவர் சொன்னபடி மார்க் போட்டுப் பார்ப்போம். திறந்த மடைக்குச் சுதந்திரத்தில் 8, சமத்துவத்தில் 4. முறைப்பாசனத்துக்கு 4, 8. இரண்டுக்கும் சம முக்கியத்துவம் கொடுத்தால் சராசரி 6, 6. சுதந்திரத்துக்கு 60 சதவீதம், சமத்துவத்துக்கு 40 சதவீதம் என்றால் 6.4, 5.6, திறந்த மடை வெல்லும். சதவீதத்தை மாற்றிப் போட்டால் முறைப்பாசனம் வெல்லும். ஊர் சண்டை போட்டுக்கொண்டிருந்ததே அந்த 60-ஆ 40-ஆ என்பதற்குத்தான். கணக்கு அதைத் தீர்க்கவில்லை, யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்த விடையைத் திருப்பிச் சொல்கிறது. அதோடு, சமத்துவம் என்ற அளவே ஒன்றாக நிற்பதில்லை. ஒரு வேலி நிலம், அதாவது இருபது மா, வைத்திருப்பவருக்கும் ஐந்து மா வைத்திருப்பவருக்கும் நிலப்படி நேரம் பிரித்தால் 4-க்கு 1; குடும்பப்படி பிரித்தால் 1-க்கு 1. இரண்டுமே சமம்தான். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1979-இல் ஆற்றிய சொற்பொழிவில் ‘எதில் சமத்துவம்?’ என்று கேட்டது இதைத்தான்.

எண்ணில் எழுதிவிட்டால் அது அறிவியல் என்று நம்புவதையும் நான் மூடநம்பிக்கைகளின் பட்டியலில்தான் சேர்ப்பேன். தண்ணீர் ஓட்டத்தைக் கணிக்கும் மாதிரிகளுக்கு நிதி ஒதுக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஊர்கள் இந்த எடைகளை எப்படிப் பேசி முடிவு செய்கின்றன என்று படிப்பவர்களுக்கும் அதே மரியாதையோடு ஒதுக்க வேண்டும்.

“சரியான எடை நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே? நன்றாக ஆராய்ந்தால் கிடைத்துவிடும்” என்று ஒருவர் சொல்லலாம். இங்கேதான் நான் சொன்ன நிரூபணம் வருகிறது. இதைப் பரவலாக அறியச் செய்தவர்களில் முக்கியமானவர் சட்டத் தத்துவ அறிஞர் ஜோசஃப் ராஸ். அவருடைய 1986-ஆம் ஆண்டு நூலில் இந்த வாதம் இருக்கிறது.

இரண்டு நெல் மூட்டைகளைத் தராசின் இரு தட்டிலும் வைக்கிறோம். முள் நடுவில் நிற்கிறது. இப்போது ஒரு தட்டில் ஒரு பிடி நெல்லைப் போட்டால் அந்தத் தட்டு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அவை சமமாக இருந்தன என்று சொல்ல முடியாது. ஒரே அளவுகோலில் நிற்கும் எந்த இரண்டு பொருளுக்கும் இது பொருந்தும். ஒன்று பெரியது, அல்லது மற்றது பெரியது, அல்லது இரண்டும் சமம். நான்காவது வழி இல்லை.

நம் ஊருக்கு வருவோம். இரு தரப்பையும் அறிந்த, யாருக்கும் சாயாத ஒருவரிடம் கேட்கிறோம். திறந்த மடை மேலானதா? “அப்படிச் சொல்ல முடியாது.” முறைப்பாசனம் மேலானதா? “அதையும் சொல்ல முடியாது.” அப்படியானால் இரண்டும் சமம் என்று எழுதிக்கொள்ளலாமா? எழுதுவதற்கு முன் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்க்கிறோம். திறந்த மடை ஏற்பாட்டில் மட்டும், ஊர்ச் செலவில்லாமல், வாய்க்காலை ஒரு கொஞ்ச தூரம் தூர்வாரித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் வரும், யாருக்கும் நஷ்டமில்லை. இது பழைய திறந்த மடையைவிட மேலானது என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. முன்பு இரண்டும் சமம் என்பது உண்மையானால், இந்தப் புதிய திறந்த மடை இப்போது முறைப்பாசனத்தை வென்றிருக்க வேண்டும். கேட்டால் அவர் மறுபடியும் மறுக்கிறார்: “இதற்காக முறைப்பாசனத்தை விட்டுவிடலாம் என்று சொல்ல மாட்டேன்.”

முள் அசையவில்லை. ஆகவே அவை முன்பும் சமமாக இருக்கவில்லை. மேலும் இல்லை, கீழும் இல்லை, சமமும் இல்லை. அப்படியானால் இவை இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும் எண்களாக இருக்க முடியாது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. தண்ணீரை அளக்காமல், எந்தக் கருவியும் இல்லாமல், மூன்று கேள்விகளில் ஓர் அளவுகோல் இல்லை என்று காட்டிவிடுகிறோம்.

மறுப்பு இல்லாமல் இல்லை. ‘மேலானது’ என்ற சொல்லின் எல்லை தெளிவில்லாமல் இருப்பதால்தான் இப்படித் தோன்றுகிறது என்கிறார் தத்துவ அறிஞர் ஜான் புரூம். இன்னொரு தத்துவ அறிஞரான ரூத் சாங் அந்த நான்காவது உறவு உண்மையிலேயே இருக்கிறது என்கிறார். இரண்டும் ஒரே தரத்தில் நிற்கின்றன, ஆனால் சமமில்லை. என் சாய்வு சாங் பக்கம். நம் நடுவருக்குத் தகவல் எதுவும் குறைவில்லை, சொல்லில் குழப்பமும் இல்லை. எது எதற்காக விடப்படுகிறது என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிகிறது.

இதனால் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடாது. கடைமடை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து, தலைமடைக்காரர் தேதியை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தால் முறைப்பாசனம்தான் மேலானது. அங்கே யாருக்கும் தயக்கம் வராது. இரண்டு மதிப்பிலும் ஒன்று கூடுதலாக இருந்தாலும் கேள்வியே எழாது. அளவுகோல் கைவிடுவது இடைப்பட்ட பகுதியில் மட்டும்தான். தத்துவ அறிஞர் ஐசாயா பெர்லின் 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் வலியுறுத்தியதையும் இங்கே சேர்க்க வேண்டும். சமத்துவத்துக்காகச் சுதந்திரத்தை விட்டுக்கொடுப்பது சரியாகவே இருக்கலாம். அதற்காகச் சுதந்திரம் குறையவில்லை என்று சொல்லக் கூடாது. முறைப்பாசனத்துக்கு மாறும் ஊரில் தலைமடைக்காரர் இழந்தது உண்மையான இழப்பு. கடைமடைக்குக் கிடைத்த தண்ணீர் அந்த இழப்பை அழித்துவிடாது. அதனால்தான் அவருக்கு நாற்றங்கால் சமயத்தில் முதல் முறையை விட்டுக்கொடுப்பது போன்ற ஈடு நியாயமாகிறது.

அந்த மாணவர் தன் ஊரில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தூர்வாரிய திறந்த மடையில் இருக்கும் ஊர், ஒரு வருஷம் முறைப்பாசனத்துக்கு மாறுகிறது. தவறில்லை. அடுத்த வருஷம் மறுபடியும் திறந்த மடைக்கு மாறுகிறது, ஆனால் அதற்குள் வாய்க்கால் தூர்ந்துவிட்டது. பழைய, தூர்வாராத ஏற்பாடுதான் கையில் இருக்கிறது. அந்த மாற்றத்திலும், அதைத் தனியாகப் பார்த்தால், குற்றமில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்தப் படியிலும் தவறு செய்யாமலேயே முதலில் இருந்ததைவிட நிச்சயமாகக் கீழான இடத்துக்கு ஊர் வந்துவிட்டது. ஒரே அளவுகோலில் ஏறி இறங்குகிற விஷயத்தில் இப்படி நடக்காது, அங்கே ஒவ்வொரு படியும் எண்ணில் தெரிந்துவிடும். இங்கே அந்தப் பாதுகாப்பு இல்லாததால், ஒவ்வொரு முறையும் எதை விட்டு வந்தோம், அப்போது வாய்க்கால் எந்த நிலையில் இருந்தது என்பதைப் பாசன சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். மாறுவதற்குக் கை தூக்கும் முன் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டும்.