கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் ரத்தானால் பணம் வாலட்டுக்குத்தான் வருமா?

என் அத்தை 1,840 ரூபாய்க்கு ஒரு குக்கர் ஆர்டர் போட்டார், கேஷ் ஆன் டெலிவரியில். வழியில் இருக்கும்போதே "இப்போதே பணம் கட்டலாம்" என்று லிங்க் வர, யுபிஐயில் கட்டிவிட்டார். இரண்டு நாளில் விற்பவரே ஆர்டரை ரத்து செய்துவிட்டார். பணம் அந்த ஆப்பின் வாலட்டில் வந்து உட்கார்ந்தது. அதில் வேறு பொருள் வாங்கலாம், வங்கிக்கு மாற்ற முடியாது. கேட்டால், "சிஓடி ஆர்டருக்கு வாலட்தான் மேடம்" என்றார்கள்.

இது சரியல்ல. ஆர்டர் எந்த வகையில் பதிவானது என்பதைவிட, பணம் எந்த வழியில் போனது என்பதுதான் முக்கியம். ஆன்லைன் கட்டணங்களைக் கையாளும் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி 2020லேயே விதி வகுத்தது: பணம் வந்த வழியிலேயே திரும்பப் போக வேண்டும், வாடிக்கையாளர் தெளிவாகச் சம்மதித்தால் மட்டுமே வேறு வழி. அத்தை கட்டியது வங்கிக் கணக்கிலிருந்து. வாலட்டுக்கு அவர் சம்மதிக்கவில்லை.

வாசலில் நோட்டாகக் கொடுத்திருந்தால் கதை வேறு. திருப்பி அனுப்ப "பழைய கணக்கு" என்று ஒன்று இருக்காது, இந்த விதியும் நேரடியாகப் பொருந்தாது. அப்போதும் வங்கிக் கணக்கு எண் கொடுத்துப் பணமாகவே கேளுங்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ரீஃபண்டுக்கு கூப்பன் மட்டுமே தந்துவந்த ஓலா நிறுவனத்திடம், வங்கிக் கணக்கா கூப்பனா என்று வாடிக்கையாளரே தேர்வு செய்ய வழி வைக்கச் சொன்னது. அதை எடுத்துக்காட்டி வாதாடலாம்.

டெலிவரி ஊழியரின் கியூஆரை ஸ்கேன் செய்தவர்கள், பணம் யார் பெயருக்குப் போனது என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர் என்றால் அது யுபிஐ கட்டணம். ஊழியரின் சொந்தக் கணக்கு என்றால், அவர் அதை ரொக்கமாகக் கணக்குக் காட்டியிருப்பார். நிறுவனத்தின் பதிவில் உங்கள் வங்கி இருக்காது.

சரி, என்ன செய்வது? முதலில் வாலட் பணத்தைத் தொடாதீர்கள். செலவழித்தால் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும். அதையும் ஆர்டர் எண்ணையும் வாலட் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் ஆப்பில் இருந்தாக வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் பொறுப்பு. அத்தை இரண்டே வரி எழுதினார்: "யுபிஐயில் கட்டினேன். வாலட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை, கட்டிய கணக்கிலேயே போடுங்கள்."

அதற்கும் மசியாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் நிறுவனத்திடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

அப்புறம் ஒன்று: "ரீஃபண்ட் அனுப்புகிறோம், யுபிஐ பின் போடுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை.