ஏணி வைத்தவன் மட்டுமா ஏறுவான்?

பாரிசவாதம் வந்தவர்களின் கைக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். கல்லடியில் வீடுகளுக்குப் போகும்போது பையில் எப்போதும் ஒரு சைனீஸ் செக்கர்ஸ் பலகை இருக்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து போளையைத் தூக்கிக் குழியில் வைப்பதுதான் பயிற்சி. (பெயரில்தான் சீனா. 1892-இல் ஜெர்மனியில் ‘ஹல்மா’ என்ற ஆட்டத்தை நட்சத்திரப் பலகைக்கு மாற்றிச் செய்தது இது.) ஆனால் விளையாடுகிறவர்களுக்குத் தேவை வெற்றி. அதில் எல்லா வீட்டிலும் ஒரே பிழையைப் பார்க்கிறேன்.

பலகையை உங்கள் முனையிலிருந்து எண்ணுங்கள்: எதிர் முனை வரை 17 வரிசை, 121 குழி. முதல் நான்கு வரிசை உங்கள் வீடு; 14 முதல் 17 வரை எதிராளியின் வீடு. உங்கள் பத்துப் போளையும் அங்கே போய்ச் சேர, எல்லாமாக 120 வரிசை முன்னேற வேண்டும். ஓரடி வைத்தால் ஒரு வரிசை. பக்கத்துப் போளையைத் தாண்டினால் இரண்டு. தாண்டிய இடத்திலிருந்து இன்னொன்றைத் தாண்ட முடிந்தால் அதே முறையிலேயே தொடரலாம். அதனால்தான் எல்லோரும் ஏணி கட்டுகிறார்கள்.

போன மாதம் ஒரு அப்பப்பாவும் பேரனும் ஆடியதைச் சொல்கிறேன். பையன் 5, 7, 9, 11-ஆம் வரிசைகளின் நட்டநடுக் குழிகளில் ஒவ்வொரு போளை வைத்தான். ஒற்றை வரிசைகளுக்குத்தான் நடுக்குழி உண்டு. இடைப்பட்ட இரட்டை வரிசைகளில் நடுவுக்கு இடமும் வலமும் ஒவ்வொரு குழி. 4-ஆம் வரிசையில் நடுவுக்கு இடப்பக்கம் நின்ற போளையை எடுத்தான். 6-இல் வலம், 8-இல் இடம், 10-இல் வலம், 12-இல் இடம். ஒரே முறையில் எட்டு வரிசை. 13-இன் நடுவில் அப்பப்பாவின் போளை இருந்தது. அதையும் தாண்டியிருப்பான், 14-இல் குழி வெறுமையாக இல்லை.

பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்பப்பா மெதுவாக விரல்களைக் கூட்டி, 14-இல் பையனுக்கு இடப்பக்கம் இருந்த தன் போளையைத் தூக்கினார். தன் போளையையே தாண்டி 12-இல் வலம். பிறகு 10-இல் இடம், 8-இல் வலம், 6-இல் இடம், கடைசியில் பையன் காலி செய்து வைத்திருந்த 4-இன் வலக்குழி. பத்து வரிசை, ஐந்து தாவல், பையனின் வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது.

“மனே, ஏணிய வெச்சது நீதானே. நான் ஏறக்கூடாதா?” என்றார்.

நடுவில் வைத்த ஏணிக்கு இரண்டு வழி உண்டு என்பதைத்தான் பையன் கவனிக்கவில்லை. அதே படிகள்தான், இடம் வலம் மட்டும் மாறும். தான் போகிற வழியை எண்ணினானே தவிர, மறுபக்கத்து வழியை எதிர்த் திசையிலிருந்து எண்ணிப் பார்க்கவில்லை. ஆட்டத்தில் யாரும் யார் போளையையும் தாண்டலாம், வெட்டும் கிடையாது. ஆகவே உங்கள் படி எதிராளிக்கும் படிதான்.

சரி, என்ன செய்திருக்கலாம்? தாவுவதற்கு முன் 11-இல் இருந்த முன்படியை ஓரடி நகர்த்தி 12-இன் வலக்குழியில் வைத்திருக்கலாம். வலப்பக்க வாசல் அடைபட்டுவிடும். இடக்குழியில் அப்பப்பா வந்து இறங்கினாலும், தாண்ட 11-இல் ஆள் இல்லை. இரண்டு வரிசையோடு நிற்க வேண்டியதுதான். பையனுக்கு நட்டம்? அவன் தாவல் 12-க்குப் பதில் 10-இல் நிற்கும், அவ்வளவே. இரண்டு வரிசையை விட்டு, எதிராளியின் எட்டு வரிசையைத் தடுக்கிறான்.

இன்னொரு சங்கதி, ஏணி கட்டுகிறவர்கள் பிறகுதான் உணர்வது. தாவல் எப்போதும் இரண்டிரண்டாகத்தான் போகும். இரட்டை வரிசையில் நிற்கும் போளை எவ்வளவு தாவினாலும் ஒற்றை வரிசைக்கு வராது. படியாக நின்றவை ஒற்றை வரிசையில் இருப்பதால், மற்றவை ஏறிப்போன வழியில் அவை ஏற முடியாது. எல்லோரையும் ஏற்றிவிட்டு நான்கு போளை நடுப் பலகையில் அனாதையாக நின்று ஒவ்வோரடியாக நகர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏழெட்டு முறை வீணாகி ஆட்டமே கையை விட்டுப் போகும். அதைத் தவிர்க்க, கடைசியில் குறைந்தது இரண்டைச் சோடியாக வைத்திருங்கள். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் தாண்டும், அப்புறம் மற்றது இதைத் தாண்டும். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு வரிசை கிடைக்கும்.

அடுத்த ஆட்டத்தில் பையன் மறுபடி நடுவிலேயே ஏணி வைத்தான். தாவப் போன கை நின்றது. எதிர்ப்பக்கம் எழுந்து போய், அப்பப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணினான். திரும்பி வந்து, 11-இல் இருந்ததை 12-க்கு வலப்பக்கம் தள்ளினான். அப்பப்பா 14-இல் இருந்த போளையைத் தொட்டார், பிறகு கையை எடுத்துவிட்டார்.